நெடுக்கில் வந்தவர், குறுக்கில் நின்றவர்

1916 மே 31, மாலை மணி ஆறேகால். டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்துக்கு மேற்கே, வட கடலில் 'ஐயர்ன் டியூக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மேல்தளம். கடற்படைத் தலைவர் அட்மிரல் ஜான் ஜெல்லிகோ திசைகாட்டியின் முன்னால் வந்து நிற்கிறார். சுமார் இருபது நொடி அதையே பார்க்கிறார். யாரும் பேசவில்லை. பிறகு ஓர் உத்தரவு கொடுக்கிறார். அந்த உத்தரவு பிறந்த நேரத்தில், அவர் அழிக்க வந்த ஜெர்மன் போர்க்கப்பல்களில் ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

கால் மணி நேரம் கழித்து மூடுபனி சற்று விலகியபோது, ஜெர்மன் கப்பல் வரிசையின் தலைக்கு எதிரே பிரிட்டிஷ் கப்பல்கள் குறுக்குச் சுவர் எழுப்பியதுபோல அடிவானம் நெடுக நின்றன. கடற்படைக்காரர்கள் இதை 'டி போடுவது' என்பார்கள். ஆங்கில எழுத்து 'டி'யின் மேல்கோடு ஒரு படை. கீழே நீளும் கால் இன்னொரு படை. மேல்கோட்டில் இருப்பவருக்கு யோகம். காலில் இருப்பவருக்குக் கஷ்டகாலம்.

ஏன் என்று புரிய, ஒரு கப்பலின் பீரங்கிகளை எண்ணிப் பார்த்தால் போதும். ஐயர்ன் டியூக்கில் பெரிய பீரங்கிகள் பத்து. இரண்டிரண்டாக ஐந்து இரும்புக் கூண்டுகளில் இருந்தன. கூண்டுகள் சுழலக்கூடியவை, ஐந்தும் கப்பலின் நடுக்கோட்டில், முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு என்று அமைந்திருந்தன. கப்பலின் மூக்குக்கு நேரே எதிரி இருந்தால் முன் கூண்டுகள் இரண்டும் மட்டுமே சுட முடியும். நடுக் கூண்டுக்கும் பின் கூண்டுகளுக்கும் எதிரே தங்கள் கப்பலின் புகைபோக்கியும் கொடிமரமும்தான் நிற்கும். ஆக நான்கு பீரங்கிகள். அதே எதிரி பக்கவாட்டில் இருந்தால் ஐந்து கூண்டுகளும் அந்தப் பக்கம் திரும்பும்; பத்தும் பேசும்.

எதிரே வந்த ஜெர்மன் வரிசையின் முதல் போர்க்கப்பல் 'கோனிக்'. அதற்கும் அதே அமைப்பு: ஐந்து கூண்டு, பத்து பீரங்கி, நேர் முன்னால் சுட நான்கு. குண்டின் எடையில்தான் வித்தியாசம். ஐயர்ன் டியூக்கின் ஒரு குண்டு 635 கிலோ, கோனிக்கின் குண்டு 405 கிலோ. இரண்டும் பக்கவாட்டில் நின்று மோதினால் ஒரு சுற்றுக்கு அங்கிருந்து 6,350 கிலோ, இங்கிருந்து 4,050 கிலோ. சமாளிக்கலாம். கோனிக் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தால் அதன் 4,050 கிலோ 1,620 ஆகச் சுருங்கிவிடுகிறது. கப்பல் மாறவில்லை, பீரங்கி மாறவில்லை. நின்ற கோணம் மட்டும் மாறியது.

இது ஒரு கப்பலுக்கு எதிராக ஒரு கப்பல் என்ற கணக்கு. வரிசைக்கு எதிராக வரிசை என்று வரும்போது நிலைமை இன்னும் மோசம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களில் முதல் ஆளுக்குத்தான் கவுண்டர் தெரியும். பத்தாவது ஆளுக்கு முன்னாலிருப்பவரின் முதுகுதான். ஒன்றன்பின் ஒன்றாக வரும் போர்க்கப்பல்களுக்கும் அதே கதி. பின்னால் வருபவற்றுக்கு எதிரி எட்டாத தூரத்தில் இருப்பான். எட்டினாலும் முன்கப்பல்களின் நிலக்கரிப் புகை மறைக்கும். குறுக்கே நிற்கும் படையிலோ ஒவ்வொரு கப்பலுக்கும் பார்வை தடையில்லாமல் இருக்கும். அத்தனை பேரும் ஒரே தலையைக் குறிவைக்கலாம்.

பீரங்கிக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த இன்னொரு சௌகரியமும் உண்டு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குச் சுடும்போது குண்டு இடமோ வலமோ விலகுவது குறைவு. தூரத்தில்தான் தவறு நேரும்: குண்டு முன்னால் விழும், அல்லது தாண்டிப் போய் விழும். பக்கவாட்டில் நிற்கும் கப்பலின் அகலம் முப்பது மீட்டருக்கும் குறைவு. தாண்டிய குண்டு கடலில் வீண். நேராக நம்மை நோக்கி வரும் கப்பலோ, குண்டு தவறும் அதே திசையில் நீண்டு கிடக்கிறது. முதல் கப்பலைத் தாண்டிய குண்டு இரண்டாவதன் பக்கத்தில் விழ வாய்ப்பு உண்டு.

இவ்வளவு லாபம் என்றால் எல்லா அட்மிரல்களும் எல்லாப் போரிலும் 'டி' போட்டிருக்க வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. எதிரி கண் முன்னால் குறுக்கே போக முயன்றால் அவன் சும்மா வந்துகொண்டிருக்க மாட்டான். தலையைச் சற்று ஒடித்து, நமக்கு இணையாகத் திரும்பிவிடுவான். அவ்வளவுதான், அவனுக்கும் பத்துப் பீரங்கி கிடைத்துவிட்டது. அவன் தலையை மீண்டும் வளைக்க வேண்டுமென்றால் நாம் வெளிவட்டத்தில் சுற்ற வேண்டும், அவன் உள்வட்டத்தில் சுற்றினால் போதும். செக்கு மாட்டுக்குத்தான் நீண்ட நடை. நடுவில் இருக்கும் உலக்கைக்கு அல்ல. அதனால் ஓரளவு வேக மிகுதி கைகொடுக்கும், ஆனால் அது போதாது. முழுமையான 'டி' வேண்டுமென்றால் எதிரி நம்மைப் பார்ப்பதற்கு முன்பே நாம் குறுக்கே நின்றாக வேண்டும்.

ஜெல்லிகோவின் இருபது நொடி முக்கியமாவது இதனால்தான்.

அவருடைய நேரடிப் பொறுப்பில் அன்று 24 பெரிய போர்க்கப்பல்கள். அவை ஒரே வரிசையாக வரவில்லை. ஆறு அணிகள், அணிக்கு நான்கு கப்பல், ஆறும் அருகருகே தென்கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. 24 கப்பல்களை ஒரே கோட்டில் வைத்து நீண்ட தூரம் ஓட்டுவது நடக்காத காரியம். கொடி காட்டினால் கடைசிக் கப்பலுக்குத் தெரியாது; நடுவில் ஒன்று தடுமாறினால் பின்னால் எல்லாம் குலையும். ஆனால் போரிட வேண்டுமானால் ஒரே கோடாக நீள வேண்டும். ஒரு கப்பலுக்கும் அடுத்ததற்கும் சுமார் 450 மீட்டர் என்று வைத்தால் கோட்டின் நீளம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஒரு கோடு இழுத்தால் வரும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு என்று வையுங்கள்.

பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஆறு வரிசையாக நிற்கும் பிள்ளைகள் ஒற்றை வரிசையாக வகுப்புக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்து வரிசை முதலில் நடக்கும்; அடுத்த வரிசை பக்கவாட்டில் நகர்ந்து அதன் வாலில் சேரும்; அதன் வாலில் மூன்றாவது. ஜெல்லிகோவின் கப்பல்களும் அப்படித்தான் சேர வேண்டும். எந்த ஓரம் முன்னால் போவது, இடமா வலமா என்பது மட்டுமே கேள்வி. 11 கிலோமீட்டர் நீளக் கோடு, மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகம். எப்படிக் கூட்டினாலும் கோடு நேராவதற்கு இருபது நிமிடம் ஆகும். தொடங்கிவிட்டால் நடுவில் மனம் மாற முடியாது. அந்த இருபது நிமிடமும் பல கப்பல்களுக்கு முன்னால் நட்புக் கப்பல்தான் நிற்கும், சுட முடியாது.

சரியாகத் தேர்ந்தெடுக்க எதிரி எங்கே, எந்தத் திசையில் வருகிறான் என்று தெரிய வேண்டும். தெரியவில்லை. முன்னணியில் வேகப் போர்க்கப்பல்களோடு சென்ற வைஸ் அட்மிரல் டேவிட் பீட்டி பிற்பகலிலிருந்தே ஜெர்மானியர்களோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெரிய கப்பல்களை இழந்தும், துரத்தி வந்த ஜெர்மன் படை முழுவதையும் ஜெல்லிகோவின் பக்கம் இழுத்து வந்தார். அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தவர், எதிரி எங்கே என்று தலைவருக்குச் சொல்வதில் மட்டும் கோட்டைவிட்டார். அவர் அனுப்பிய சில செய்திகள் வந்து சேரவில்லை, சேர்ந்தவை முன்னுக்குப்பின் முரணாக இருந்தன. போதாக்குறைக்குச் செயற்கைக்கோள் இல்லாத காலம். வேகத்தையும் நேரத்தையும் வைத்து ஒவ்வொரு கப்பலும் தன் இடத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். பீட்டியின் கப்பலும் ஜெல்லிகோவின் கப்பலும் ஊகித்த இடங்களில் இருந்த பிழைகளைச் சேர்த்தால் சுமார் 11 கடல் மைல். எதிரி நேர் முன்னால் வருவான், இன்னும் சற்று நேரம் இருக்கிறது என்று ஜெல்லிகோ நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவன் வலப்பக்கம் முன்னால், மிக அருகில் வந்துவிட்டான்.

6 மணி 1 நிமிடத்துக்கு ஜெல்லிகோ விளக்குச் சைகையில் கேட்டார்: எதிரியின் பெரும்படை எங்கே? உருப்படியான பதில் வர 6.14 ஆயிற்று. தென் தென்மேற்கில் தெரிகிறது என்றார் பீட்டி. எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் போகிறது என்று அதிலும் இல்லை. ஆனால் ஜெல்லிகோவுக்கு அது போதும்.

வலது ஓரம்தான் எதிரிக்கு அருகில் இருந்தது. அதை முன்னால் விட்டால் உடனே சண்டை தொடங்கும். தன் முதல் எண்ணம் அதுதான் என்று ஜெல்லிகோவே பின்னர் எழுதினார். யோசித்தால் அதில் குழி தெரிகிறது. கோடு உருவாகிக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடத்தில், வலது ஓரத்து நான்கு கப்பல்கள் மொத்த ஜெர்மன் படையின் முன்னால் தனியாக மாட்டும். டார்பிடோப் படகுகள் பாயும். 'டி' போடப் போனவருக்கே எதிரி 'டி' போட்டுவிடுவான். அதனால் இடது ஓரத்தைத் தேர்ந்தார். எதிரியிடமிருந்து மூன்றரை கிலோமீட்டர் விலகிப் போவது அதன் விலை. விமர்சகர்கள் பின்னாளில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நடு அணியை முன்னால் விட்டிருக்கலாம் என்று சர்ச்சில் ஒரு வாதம் வைத்தார். எனக்கு அது, நிலம் தெரிந்த பிறகு கிணறு தோண்டச் சொல்லும் யோசனையாகவே படுகிறது.

இடது ஓரம் வேறு இரண்டு நன்மைகளைத் தந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியின் பக்கமாகப் பிரிட்டிஷ் கோடு நீண்டது. இன்னொன்று வெளிச்சம். அஸ்தமனத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கிழக்கே நின்ற பிரிட்டிஷ் கப்பல்களுக்கு, ஜெர்மன் கப்பல்கள் மேற்கு வானத்தின் வெளிச்சத்தில் கறுப்பு உருவங்களாகத் தெரிந்தன. திரும்பிப் பார்த்த ஜெர்மானியர்களுக்குத் தெரிந்தது சாம்பல் நிறப் பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறப் பொறிகள் வரிசையாக மினுக்கின. பீரங்கி வாய்கள்!

6.30க்கு ஐயர்ன் டியூக் கோனிக்கைச் சுடத் தொடங்கியது. தூரம் பதினொன்றரை கிலோமீட்டர். குண்டு போய்ச் சேரவே சுமார் இருபது நொடி. ஐந்து நிமிடத்துக்குள் 43 குண்டுகளைச் சுட்டு ஏழு முறை அடித்தது. அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான சுடுதல். ஐந்து நிமிடத்தில் பத்துப் பீரங்கிகள் 43 குண்டு மட்டும்தானா என்று தோன்றலாம். பத்தையும் ஒரே நேரத்தில் வெடிப்பது வழக்கமில்லை. பாதி சுடும், மறுபாதி குண்டு ஏற்றிக்கொள்ளும். விழுந்த குண்டுகள் எழுப்பும் நீர்த்தூண்களைப் பார்த்து, முன்னால் விழுந்ததா தாண்டியதா என்று கணித்து, அடுத்த பாதிக்குத் தூரத்தைத் திருத்துவார்கள். எல்லாப் பீரங்கிகளும் எதிரியை நோக்கித் திரும்புவதன் அருமை இங்கேதான்: நான்கு பீரங்கி மட்டும் கிடைத்தால் இரண்டிரண்டாகச் சுட வேண்டிவரும், இரண்டு நீர்த்தூண்களை வைத்துக்கொண்டு எதையும் கணிக்க முடியாது.

பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கோட்டின் தலைப்பக்கம் சில நிமிடம் பனி விலக, 'இன்வின்ஸிபிள்' கப்பல் ஜெர்மானியர் கண்ணில் பட்டது. குண்டு விழுந்து வெடிமருந்து அறை பற்றிக்கொள்ள, கப்பல் இரண்டாகப் பிளந்தது. 1,026 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் ஆறே பேர்.

ஜெர்மன் தலைவர் ரைன்ஹார்ட் ஷேர் தன் வரிசையில் எட்டாவது போர்க்கப்பலில் இருந்தார். எத்தனை பிரிட்டிஷ் கப்பல்கள் எதிரே நிற்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. பொறிகள் மினுக்கும் வில் வடிவத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. அவர் இணையாகத் திரும்பவில்லை. 6.33 வாக்கில் அவர் கொடுத்த உத்தரவு, வரிசையின் எல்லாக் கப்பல்களும் அதனதன் இடத்திலேயே பின்புறமாகத் திரும்புவது. முதல் கப்பல் திரும்பி மற்றவை பின்தொடர்ந்தால், எல்லாக் கப்பல்களும் ஒவ்வொன்றாக அதே அடிவாங்கும் முனைக்கு வந்துதான் திரும்ப வேண்டும். அதனால் வாலில் இருக்கும் கப்பல் முதலில் திரும்பும். அது திரும்பத் தொடங்கியதைப் பார்த்து அதற்கு முன்கப்பல். இப்படியே தலை வரை. வால் தலையாகும், தலை வாலாகும். கேட்கச் சுலபம். போர்க் குண்டுகளுக்கு நடுவே, வளைந்து கிடக்கும் வரிசையில் செய்தால் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. ஜெர்மானியர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்திருந்தார்கள். சில நிமிடங்களில் அவர்கள் புகைக்குள் மறைந்துபோனார்கள்.

ஜெல்லிகோவுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பனி அடர்ந்துவிட்டது என்று நினைத்தார். எதிரி திரும்புவதைப் பின்வரிசைக் கப்பல்களில் சிலர் பார்த்தார்கள். தலைவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டார்கள். நம் அலுவலகங்களில் கோப்பு நகராமல் போவதும் இப்படித்தான்.

அடுத்து ஷேர் செய்தது இன்றுவரை விளங்காத புதிர். 6.55க்கு மறுபடியும் மொத்தப் படையையும் திருப்பி, கிழக்கே வந்தார். நேராக அதே சுவருக்கு. ஏழேகால் வாக்கில் இரண்டாவது 'டி' விழுந்தது, இது முதலாவதைவிடக் கொடியது. ஜெர்மன் கப்பல்கள் 37 பெரிய குண்டுகளை வாங்கின. பதிலுக்கு அவை அடித்தவை இரண்டு. 'டெர்ஃப்லிங்கர்' ஒன்றே 14 வாங்கியது. எதிரி படைத்தலை மீது எல்லாப் பீரங்கியும் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது.

ஷேர் மூன்றாம் முறை பின்புறம் திரும்பினார். திரும்பும் நேரத்தை வாங்க, அடிபட்ட வேகப் போர்க்கப்பல்களை எதிரியை நோக்கிப் பாயச் சொன்னார். கூடவே டார்பிடோப் படகுகளையும் ஏவினார். படகுகள் 31 டார்பிடோக்களை விட்டன.

அந்த நேரத்தில் 'டி'யின் மேல்கோட்டில் இருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது. ஐயர்ன் டியூக்கின் நீளம் 190 மீட்டர். அதன் மூக்கிலிருந்து அடுத்த கப்பலின் மூக்கு வரை சுமார் 450 மீட்டர். பக்கவாட்டில் நீண்டு கிடக்கும் கோட்டை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு டார்பிடோ விட்டாலும், பத்தில் நான்கு இரும்பைச் சந்திக்கும். ஆறு இடைவெளியில் கடக்கும். பீரங்கிக்கு வசதியான நிலை டார்பிடோவுக்கும் வசதியான நிலைதான். ஜெல்லிகோ இதை 1914லேயே யோசித்து, டார்பிடோ வந்தால் எதிரியை விட்டு விலகித் திரும்புவேன் என்று கடற்படைத் தலைமைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருந்தார். அதன்படியே கோட்டை எதிரிக்கு முதுகு காட்டும் பக்கமாக இரண்டு தவணையில் 45 பாகை திருப்பினார். கப்பல்கள் டார்பிடோக்களுக்கு வாலைக் காட்டின. துரத்தி வந்த டார்பிடோக்களில் பல ஓட்டம் தீர்ந்து நின்றன, மற்றவற்றை விலகி ஒதுக்கினார்கள். ஒன்றுகூட அடிக்கவில்லை. பனியில் ஜெர்மன் படையும் கைநழுவியது. இருட்டில் அது பிரிட்டிஷ் படையின் பின்புறமாகப் புகுந்து ஊர் போய்ச் சேர்ந்தது. ஒரே மாலையில் இருமுறை 'டி' போட்ட படை, அதன் கீழ் வந்த போர்க்கப்பல் வரிசையிலிருந்து ஒரு கப்பலைக்கூட அந்த இடத்தில் மூழ்கடிக்கவில்லை.

பாய்மரக் காலத்தில் இதே கோணம் வேறு விதமாக வேலை செய்தது. 1805இல் டிரஃபால்கரில் நெல்சன் தன் கப்பல்களை இரண்டு வரிசையாக, எதிரியின் நீண்ட வரிசைக்குச் செங்குத்தாக ஓட்டிச் சென்றார். இன்றைய பார்வையில் அவர்தான் 'டி'யின் காலில் மாட்டியவர். அருகில் போகும்வரை அடியை வாங்கிக்கொண்டார். அன்றைய பீரங்கிகள் மெதுவானவை, சில நூறு மீட்டருக்கு மேல் குறி தவறுபவை. எதிரிக்குக் கிடைத்த நேரம் குறைவு. வரிசையைப் பிளந்து உள்ளே புகுந்த பின், எதிரிக் கப்பலின் பின்புறத்தைத் தன் பக்கவாட்டுப் பீரங்கிகளால் நெடுக உழுதார். பதினொரு கிலோமீட்டரில் சுடும் காலம் வந்ததும் அந்தத் துணிச்சலுக்கு இடமில்லாமல் போயிற்று.

கடைசியாக ஒருமுறை பெரிய போர்க்கப்பல்கள் 'டி' போட்டது பிலிப்பைன்ஸில், 1944 அக்டோபர் 25 விடியற்காலை இருட்டில். சுரிகாவ் நீரிணையின் வாயை அமெரிக்க அட்மிரல் ஜெஸ்ஸி ஓல்டன்டார்ஃப் ஆறு போர்க்கப்பல்களால் குறுக்கே அடைத்திருந்தார். குறுகிய நீரிணை, நிஷிமுராவின் ஜப்பானியப் படை வரும் வழி முன்கூட்டியே தெரிந்தது, ஜெல்லிகோவுக்கு இருந்த குழப்பம் எதுவும் இல்லை. வழியிலேயே அமெரிக்க டார்பிடோக்கள் பாதி வேலையை முடித்திருந்தன. எஞ்சி வந்த 'யமாஷிரோ' மீது 'வெஸ்ட் வர்ஜீனியா' சுமார் 21 கிலோமீட்டரில் சுடத் தொடங்கி 93 பெரிய குண்டுகளைப் பொழிந்தது. அதனிடம் புதிய வகை ராடார் இருந்தது. பழைய ராடார் இருந்த கப்பல்களுக்கு இருட்டில் இலக்கைப் பிரித்தறிவதே பெரும்பாடாயிற்று. 'மேரிலாண்ட்', வெஸ்ட் வர்ஜீனியா எழுப்பிய நீர்த்தூண்களை ராடாரில் பார்த்துத் தூரம் கணித்துச் சுட்டது. 'மிஸிஸிப்பி' ஒரே ஒரு சுற்று சுட்டது. அதே கோட்டில், பன்னிரண்டு பீரங்கிகளையும் எதிரிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்ற 'பென்சில்வேனியா', கடைசிவரை எதிரி எங்கே என்று பிடிபடாமல், ஒரு குண்டும் சுடவில்லை.